ஆஃபரை மறுப்பது: எந்த நாளில், எந்த வழியில், என்ன காரணம் சொல்லி

ஆள் எடுக்கும் வேலையில் பன்னிரண்டு வருடங்களாக இருக்கிறேன். முதலில் ஒரு கன்சல்டன்சியில் இருந்தேன், அப்புறம் ஒரு நிறுவனத்துக்குள்ளேயே ரெக்ரூட்டராகச் சேர்ந்தேன். என் ஆஃபரை வேண்டாம் என்று சொன்ன சிலரை அடுத்த வருடமே நானாகத் தேடிப்போய்க் கூப்பிட்டிருக்கிறேன். வேறு சிலரின் பெயரைப் பார்த்ததும் அடுத்த ரெஸ்யூமேவுக்குப் போயிருக்கிறேன். எல்லாரும் மறுத்தவர்கள்தான். அவர்கள் எப்போது சொன்னார்கள், என்ன காரணம் சொன்னார்கள் என்பதுதான் எனக்கு நினைவில் நின்றது.

போன வருடம் என் தோழியின் தங்கை ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் கூப்பிட்டாள். தரவு ஆய்வாளர் வேலையில் ஐந்து வருட அனுபவம் உள்ளவள். "அக்கா, கைல ஒரு ஆஃபர் இருக்கு, ஆனா அது வேணாம். எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றாள்.

விவரம் இதுதான். முதல் நிறுவனம் செவ்வாய்க்கிழமை ஆஃபர் லெட்டர் அனுப்பியிருந்தது. அடுத்த திங்கள் மாலை ஐந்து மணிக்குள் கையெழுத்திட்டு அனுப்ப வேண்டும். இரண்டாவது நிறுவனத்தில் அந்த வெள்ளிக்கிழமை காலையில்தான் கடைசிச் சுற்று முடிந்தது. "உங்களைத்தான் எடுக்கிறோம், லெட்டர் இரண்டு மூன்று வேலை நாளில் வந்துவிடும்" என்று போனில் சொல்லிவிட்டார்கள். அவளுக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது. ஆனால் முதல் நிறுவனம் அவள் துறையில் பேர் பெற்ற இடம், இன்னொரு நாள் அங்கே போக வேண்டி வரலாம். அந்த ரெக்ரூட்டரும் ஆறு வாரமாக அவளிடம் பொறுமையாகப் பேசியவர்.

அவள் முன்னால் நான்கு வழிகள் இருந்தன. முதல் நிறுவனத்தின் ஆஃபரில் கையெழுத்துப் போட்டு வைத்துக்கொண்டு, இன்னொரு லெட்டர் வந்ததும் பின்வாங்கலாம். ஒன்றும் சொல்லாமல் திங்களைக் கடந்து போக விடுவது இன்னொன்று. இப்போதே, வெள்ளிக்கிழமையே, வேண்டாம் என்று சொல்லிவிடலாம். இல்லையென்றால் நிலைமையைச் சொல்லி இரண்டு நாள் கூடுதலாகக் கேட்டு, லெட்டர் கையில் வந்த அன்றே மறுக்கலாம்.

எது சரி என்று பார்ப்பதற்கு முன்னால், ரெக்ரூட்டரின் மேசையில் என்ன நடக்கிறது என்று அவளுக்குச் சொல்ல வேண்டியிருந்தது. மறுப்பவர்களுக்கு இந்தப் பக்கம் தெரிவதில்லை.

ஒருவருக்கு ஆஃபர் அனுப்பிய பிறகும், தேர்வில் இரண்டாவதாக வந்தவரிடம் நாங்கள் "இல்லை" என்று சொல்வதில்லை. முதலாமவர் கையெழுத்திடும்வரை அவரைப் பிடித்து வைத்திருப்போம். "இன்னும் முடிவாகவில்லை, இந்த வாரத்துக்குள் சொல்கிறோம்" என்று அவருக்கு ஒரு மெயில் போகும். அவருக்கும் வேறு இடங்களில் நேர்முகத் தேர்வுகள் ஓடிக்கொண்டிருக்கும், அவரும் ரொம்ப நாள் காத்திருக்க மாட்டார். அவரும் போய்விட்டால் விளம்பரம், ரெஸ்யூமே சலிப்பது, மூன்று சுற்றுத் தேர்வு என்று எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இரண்டாமவர் இன்னும் இருக்கும்போதே நீங்கள் மறுத்தால் எனக்குப் போவது ஒரு நாள். அவர் போன பிறகு மறுத்தால் ஒன்றரை மாதம் போகும்.

இன்னொரு விஷயமும் உண்டு. ஆஃபரில் இருக்கும் சம்பளத் தொகை தானாக வந்ததில்லை. மேனேஜர் ஒரு எண் சொல்லியிருப்பார், நிதிப் பிரிவு குறைக்கச் சொல்லியிருக்கும், நான் நடுவில் நின்று "இவர் கட்டாயம் வருவார், இந்தத் தொகை வேண்டும்" என்று வாதாடியிருப்பேன். நீங்கள் மறுக்கும்போது அந்த அறைக்குப் போய் விளக்கம் சொல்வது நான்தான். நீங்கள் எனக்குத் தரும் காரணத்தைத்தான் நான் அங்கே சொல்லப்போகிறேன். அதனால் ரெக்ரூட்டரின் நல்லெண்ணம் என்பது பெரும்பாலும் இரண்டு விஷயங்களில்தான் இருக்கிறது. அடுத்தவரைக் கூப்பிட அவருக்கு நேரம் மிச்சமிருக்க வேண்டும். மேனேஜரிடம் கூச்சமில்லாமல் சொல்ல ஒரு வாக்கியம் வேண்டும். நான்கு வழிகளையும் நான் இதை வைத்துத்தான் எடை போட்டேன்.

கையெழுத்திட்டுவிட்டுப் பின்வாங்குவது

"பாதுகாப்புக்கு முதல் ஆஃபரை சைன் பண்ணிடு, அப்புறம் பாத்துக்கலாம்" என்று அவள் அலுவலகத்தில் ஒருவர் சொல்லியிருந்தாராம். இது எல்லாரும் தரும் யோசனை. கேட்க நன்றாகவும் இருக்கும்.

நீங்கள் கையெழுத்திட்ட அன்று மாலையே இரண்டாமவருக்கு "மன்னிக்கவும், வேறொருவரைத் தேர்ந்தெடுத்துவிட்டோம்" என்ற மெயில் போய்விடும். பின்னணிச் சரிபார்ப்பு தொடங்கும், கணினி ஒதுக்குவார்கள், குழுவில் அறிவித்துவிடுவார்கள். நான்கு நாள் கழித்து நீங்கள் விலகினால் இவை எல்லாவற்றையும் திருப்ப வேண்டும். நிறுவனங்கள் பயன்படுத்தும் ஆட்சேர்ப்பு மென்பொருளில் ஆஃபரை மறுத்தவர்களுக்கு ஒரு நிலை உண்டு, ஏற்றுக்கொண்டுவிட்டு வராதவர்களுக்கு வேறொரு நிலை உண்டு. நான் வேலையை விட்டுப் போனாலும் அந்தப் பதிவு அங்கேயே இருக்கும். மூன்று வருடம் கழித்து உங்கள் பெயரைத் தேடும் புது ரெக்ரூட்டர் முதலில் பார்ப்பது அதைத்தான். முன்னதைப் பார்த்து யாரும் முகம் சுளிப்பதில்லை. பின்னதைப் பார்த்த பிறகு என் மேனேஜரிடம் உங்கள் பெயரைக் கொண்டுபோக எனக்குத் தைரியம் வராது.

கையெழுத்திட்ட தாளில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். சில ஒப்பந்தங்களில் சேரும் முன்பே விலகினாலும் நோட்டீஸ் கேட்கும் வரி இருக்கும். சேர்வதற்கு முன் கொடுக்கும் தொகை எதையும் வாங்கியிருந்தால் அதைத் திருப்பித் தர வேண்டியிருக்கும்.

இதெல்லாம் சொன்னாலும், ஏற்கெனவே கையெழுத்திட்டுவிட்டு இப்போது மனம் மாறியவர்களும் இருக்கிறார்கள். அவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான். தெரிந்த அந்த மணி நேரத்திலேயே போன் செய்து, சாக்குச் சொல்லாமல், "நான் வாக்குக் கொடுத்துவிட்டு மாற்றுகிறேன், தவறு என்னுடையது" என்று சொல்லிவிட வேண்டும். சேரும் நாள் காலையில் வராமல் இருப்பதைவிட அது எவ்வளவோ மேல். ஆனால் அந்த நிறுவனத்தின் கதவு சில வருடங்களுக்காவது மூடியதாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பேசாமல் இருந்து கெடுவைக் கடக்க விடுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. திங்கள் ஐந்து மணிவரை ரெக்ரூட்டர் நம்பிக்கொண்டிருப்பார். செவ்வாய் மூன்று முறை கூப்பிடுவார், புதன்கிழமை விட்டுவிடுவார். மறுத்தவர் என்ற மரியாதைகூடக் கிடைக்காது.

இப்போதே மறுப்பதா, லெட்டர் வரும்வரை பொறுப்பதா

உண்மையான போட்டி இந்த இரண்டுக்கும் நடுவில்தான். என் தொழிலுக்கு லாபம் எது என்று கேட்டால் வெள்ளிக்கிழமையே சொல்லிவிடுவது. அன்றைக்கே இரண்டாமவரைக் கூப்பிட்டுவிடலாம். ரெக்ரூட்டரின் நல்லெண்ணம் மட்டும்தான் கணக்கு என்றால் இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் நான் அவளுக்கு அதைச் சொல்லவில்லை. போனில் சொன்ன ஆஃபர் ஆஃபரே இல்லை. கடைசிச் சுற்றுக்கும் லெட்டருக்கும் நடுவில் பணியிடமே நிறுத்தி வைக்கப்பட்டதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன். வாய்மொழியாகச் சொன்ன சம்பளம் லெட்டரில் வேறு மாதிரி பிரிந்து, மாதாமாதம் கைக்கு வருவது குறைந்து போனதும் உண்டு. எழுத்தில் வராத ஒன்றை நம்பி எழுத்தில் இருக்கும் ஒன்றை விடுவது, ரெக்ரூட்டர் மேல் இருக்கும் மரியாதைக்காகச் செய்ய வேண்டிய காரியமில்லை. எந்த நல்ல ரெக்ரூட்டரும் தன் சொந்தத் தம்பிக்கு அப்படிச் சொல்ல மாட்டார்.

அதனால் நான்காவது வழி. வெள்ளிக்கிழமையே கூப்பிட்டு உண்மையைச் சொல்லி, ஒரு நாளைக் குறிப்பிட்டு நேரம் கேட்பது. இதில் கவனிக்க வேண்டியது அந்த நாள்தான். "கொஞ்சம் டைம் வேணும்" என்று கேட்டால் எனக்குக் கேட்பது "வேறு இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், எப்போது முடியும் என்று தெரியாது" என்பதுதான். "புதன்கிழமை மதியத்துக்குள் சொல்கிறேன்" என்றால் அதை நான் திட்டமிட முடியும், இரண்டாமவருக்கும் ஒரு நாள் சொல்லி வைக்கலாம். என் அனுபவத்தில் இரண்டு மூன்று வேலை நாள்களை ரெக்ரூட்டரே தந்துவிடுவார், யாரையும் கேட்க மாட்டார். ஒரு வாரம் என்றால் மேனேஜரிடம் போக வேண்டும். அதற்கு மேல் கேட்டால், கேட்கும்போதே இரண்டாமவரை அழைக்கலாமா என்ற பேச்சு தொடங்கிவிடும்.

இதில் ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். இன்னொரு இடம் இருக்கிறது என்று தெரிந்ததும், "அப்படியென்றால் நாங்கள் சொன்ன திங்கள்தான் கடைசி" என்று சில மேனேஜர்கள் பிடிவாதம் பிடிப்பார்கள். ஒரே நாள் கெடு கொடுத்து அழுத்தும் இடங்களும் இருக்கின்றன. அங்கே நேரம் கிடைக்காவிட்டால், கையில் இருக்கும் தகவலை வைத்துத் திங்களன்று ஆம் அல்லது இல்லை என்று முடிவெடுக்க வேண்டியதுதான். அப்போதும் கையெழுத்திட்டுவிட்டு ஓடும் வழிக்குத் திரும்பக் கூடாது. அந்த இடத்தை விட்டுவிட நீங்கள் தயாரா என்பதை அந்தக் கெடு உங்களிடம் முன்கூட்டியே கேட்கிறது, அவ்வளவுதான்.

அவள் அன்று மாலை ஐந்தரைக்கே கூப்பிட்டாள். நான் பக்கத்தில் இல்லை, அவள் பிறகு சொன்னதை வைத்து எழுதுகிறேன். "மேடம், நேர்மையா ஒண்ணு சொல்லிடறேன். இன்னொரு இடத்துல கடைசி ரவுண்டு இன்னிக்குத்தான் முடிஞ்சுது. அவங்க பதில் எழுத்துல வர ரெண்டு மூணு நாள் ஆகும். உங்களுக்குப் புதன்கிழமை மத்தியானத்துக்குள்ள உறுதியான பதில் சொல்லிடறேன். அதுவரை நேரம் தர முடியுமா?" என்று கேட்டிருக்கிறாள். அந்த ரெக்ரூட்டர் கேட்ட முதல் கேள்வி, "அந்தப் பக்கம் எவ்வளவு சாய்ஞ்சிருக்கீங்க?" இவள் "பாதிக்கு மேல" என்றாள். அந்தப் பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. அதைக் கேட்டதும் அந்த அம்மா இரண்டாமவரைப் பிடித்து வைக்கும் வேலையைத் தொடங்கியிருப்பார். மறுப்பு வருவதற்கு முன்பே பாதி நல்லெண்ணம் அங்கே சம்பாதித்தாகிவிட்டது.

போனா, மெயிலா

இரண்டாவது லெட்டர் செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு வந்தது. அவள் படித்துப் பார்த்தாள். சம்பளம், பதவிப் பெயர், சேரும் நாள் எல்லாம் பேசியபடியே இருந்தன. கையெழுத்திட்டு அனுப்பிவிட்டு மறுபடி எனக்குப் போன். "மெயில் போட்டா போதுமாக்கா? பேச பயமா இருக்கு."

பயம் நியாயமானதுதான். மெயிலில் சொன்னால் குரல் நடுங்காது, குறுக்குக் கேள்வி வராது, சொன்னதற்குச் சாட்சியும் இருக்கும். ஆனால் மெயில் எப்போது படிக்கப்படும் என்று தெரியாது. நாள் முழுக்க நேர்முகத் தேர்வில் இருக்கும் ரெக்ரூட்டர் சாயங்காலம் ஆறு மணிக்குத்தான் பார்ப்பார், அன்றைய நாள் போய்விடும். மெயில் அப்படியே மேனேஜருக்கு அனுப்பப்படவும் கூடும், அப்போது உங்கள் தொனியை அவர் தன் மனநிலைக்கு ஏற்பப் படித்துக்கொள்வார். போனில் மூன்று நிமிடத்தில் எல்லாம் முடியும். ஆறு வாரம் பேசிய மனிதரிடம் நீங்களே வந்து சொன்னீர்கள் என்பதும் அவருக்கு நிற்கும். போனின் குறை, அங்கே உங்களை மாற்றப் பார்ப்பார்கள் என்பது.

அதனால் நான் சொல்வது முதலில் போன், அரை மணிக்குள் மெயில். ஆனால் இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். தொடக்கத்திலிருந்து மெயிலிலேயே நடந்த பேச்சு என்றால் மெயிலிலேயே முடிக்கலாம், யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். இரண்டு முறை கூப்பிட்டும் எடுக்கவில்லை என்றால் மெயில் அனுப்பிவிட வேண்டும். போன் பேசும் தைரியத்துக்காக இரண்டு நாள் காத்திருப்பவர்களை எனக்குத் தெரியும். இரண்டு நாள் தாமதமான போனைவிட உடனே வந்த மெயில் எனக்கு எவ்வளவோ உபயோகம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். ஆஃபர் மின்கையொப்பத் தளம் வழியாக வந்திருந்தால் அதில் மறுப்பதற்கென்று ஒரு பொத்தான் இருக்கும். அதை முதலில் அழுத்தினால் அனுப்பியவருக்குத் தானியங்கி அறிவிப்பு போகும். அந்த ஆவணத்தில் மேனேஜரும் சேர்க்கப்பட்டிருந்தால் ரெக்ரூட்டருக்கு முன்பே அவருக்குத் தெரிந்துவிடும். "என்ன, அந்தப் பொண்ணு வரலையாமே?" என்று மேனேஜர் கேட்டுத்தான் ரெக்ரூட்டர் தெரிந்துகொள்வது, எங்கள் வேலையில் ரொம்பச் சங்கடமான நிமிடம். மேனேஜருடன் நன்றாகப் பழகியிருந்தாலும் அவருக்கு நேரடியாகச் சொல்வது ரெக்ரூட்டருக்குச் சொன்ன பிறகுதான். பொத்தானை எல்லாம் முடிந்த பின் அழுத்திக்கொள்ளலாம்.

எந்தக் காரணம்

நல்லெண்ணம் அதிகம் கெடுவது இங்கேதான். நாளைத் தவறவிட்டவர்களைக்கூட மன்னித்திருக்கிறேன், காரணத்தில் என்னை ஓட விட்டவர்களை மறக்கவில்லை.

பலரும் சம்பளத்தைக் காரணமாகச் சொல்கிறார்கள். சொல்ல எளிது, யாரையும் புண்படுத்தாது என்று நினைக்கிறார்கள். ஆனால் ரெக்ரூட்டரின் காதில் சம்பளம் என்பது மறுப்பாக விழாது, பேரமாக விழும். ஒருமுறை ஒருவர் என்னிடம் "சம்பளம்தான் மேடம் பிரச்சினை, வேறொன்றும் இல்லை" என்றார். நான் இரண்டு நாள் அலைந்தேன். மேனேஜரிடம் நியாயம் எழுதி வாங்கி, நிதிப் பிரிவில் கெஞ்சி, துறைத் தலைவரின் ஒப்புதலும் வாங்கி, அவர் சொன்ன தொகையையே கொண்டுவந்தேன். அப்போது அவர், "உண்மையில் எனக்கு வீட்டிலிருந்து வேலை செய்யும் இடம் வேண்டும்" என்றார். தொகையை உயர்த்தியும் ஆள் வரவில்லை என்று அந்த மாதம் முழுக்க நான் விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சம்பளத்தைச் சொல்வதற்கு முன் உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள். அந்தத் தொகையை இன்று இரவே தந்தால் போய்ச் சேர்வீர்களா? சேர்வேன் என்றால் நீங்கள் மறுக்கவில்லை, பேரம் பேசுகிறீர்கள். அதை வெளிப்படையாக, ஒரு எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். சேர மாட்டேன் என்றால், சம்பளம் உண்மையிலேயே குறைவாக இருந்தாலும், அதை முதல் காரணமாகச் சொல்லாதீர்கள்.

"சொந்தக் காரணங்களால்" என்பது இன்னொரு வழி. தவறில்லை. உண்மைக் காரணம் உடல்நலமோ குடும்பமோ என்றால் அது போதும், அதற்கு மேல் யாரும் கேட்கக் கூடாது. ஆனால் வேறு இடத்துக்குப் போவதை மறைக்க அதைச் சொன்னால், அடுத்த மாதம் லிங்க்ட்இனில் உங்கள் புது வேலை தெரியும்போது நான் பார்ப்பேன். கோபம் வராது, ஆனால் அடுத்த முறை நீங்கள் சொல்வதை அப்படியே நம்ப மாட்டேன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்பது போன்ற பொய்களைப் பற்றி நான் பேசவே விரும்பவில்லை.

இப்போது இருக்கும் நிறுவனமே சம்பளத்தை உயர்த்தி உங்களை நிறுத்திவிட்டது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். ரெக்ரூட்டர் பெருமூச்சு விடுவார், ஏனென்றால் எங்களை ஏணியாக வைத்து ஏறிவிட்டீர்கள் என்று தோன்றும். ஆனால் நீங்களே மறைக்காமல் சொன்னீர்கள் என்றால் அந்த வருத்தம் சீக்கிரம் ஆறிவிடும்.

நேர்முகத் தேர்வில் மேனேஜர் பேசிய விதம் பிடிக்கவில்லை என்பதும் பலருக்கு உண்மைக் காரணம். எழுத்தில் வைக்காதீர்கள். ரெக்ரூட்டரே போனில் "வேறு ஏதாவது காரணம் உண்டா?" என்று கேட்டால், அவர்மேல் நம்பிக்கை இருந்தால், நடந்ததை ஒரு வரியில் சொல்லலாம். எனக்கு அப்படி இருவர் சொல்லியிருக்கிறார்கள், இரண்டு முறையும் உபயோகப்பட்டது. சொல்ல மனமில்லையென்றால் விட்டுவிடுங்கள், அதைத் திருத்துவது உங்கள் வேலை இல்லை.

மேனேஜரிடம் நான் கூச்சமில்லாமல் எடுத்துப்போகக்கூடிய காரணம், வேலையின் தன்மை பற்றியது. "அந்த இடத்தில் நான் செய்ய விரும்பும் வேலை முழு நேரமாகக் கிடைக்கிறது" என்றால் மேனேஜர் என்னைக் குறை சொல்ல முடியாது, நான் தொகையை உயர்த்த ஓட வேண்டியதில்லை, உங்களை எப்போது மறுபடி கூப்பிட வேண்டும் என்பதும் எனக்குத் தெரிந்துவிடுகிறது. அது உண்மையாக இருக்க வேண்டும் என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன். தோழியின் தங்கைக்கு உண்மையிலேயே அதுதான் காரணம். முதல் இடத்தில் அறிக்கை தயாரிப்பதே பெரும்பகுதி வேலை, இரண்டாவதில் கணிப்பு மாடல்கள்.

எந்த நிறுவனத்துக்குப் போகிறீர்கள் என்று கட்டாயம் கேட்பார்கள். எங்களுக்குச் சந்தையில் யார் எவ்வளவு தருகிறார்கள் என்று தெரிந்துகொள்ள ஆசை, அவ்வளவுதான். சொல்லியே ஆக வேண்டும் என்பதில்லை. இருக்கும் வேலையில் ராஜினாமா கொடுத்து, புது இடத்தில் சேரும்வரை பெயர் சொல்லாமல் இருப்பதையே நான் சிபாரிசு செய்வேன். ஒரே துறைக்குள் ரெக்ரூட்டர்கள் எல்லாரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள், பேச்சு உங்களுக்கு முன்னால் உங்கள் அலுவலகத்துக்குப் போய்விடும். "சேர்ந்ததும் நானே சொல்றேன் மேடம்" என்று சிரித்தபடி சொன்னால் யாரும் கோபப்பட மாட்டார்கள்.

அந்த மூன்று நிமிடமும் மெயிலும்

செவ்வாய் பகல் பன்னிரண்டுக்குக் கூப்பிட்டாள். எப்படியாவது சுற்றி வளைத்துத் தொடங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. நான் வேண்டாம் என்றேன். நன்றி, பாராட்டு என்று நான்கு வாக்கியம் பேசினால் கேட்பவர் "வருகிறார்" என்று நினைத்துச் சந்தோஷப்படத் தொடங்கிவிடுவார். முடிவை இரண்டாவது வாக்கியத்திலேயே சொல்ல வேண்டும்.

"மேடம், புதன்கிழமை சொல்றேன்னு சொன்னேன், இன்னிக்கே முடிவு தெரிஞ்சிடுச்சு, அதான் கூப்பிட்டேன். உங்க ஆஃபரை ஏத்துக்க முடியல. மாடல் உருவாக்குற வேலையே முழுசா கிடைக்குது அங்க, நான் ரொம்ப நாளா தேடுனது அது."

எதிர்பார்த்தபடியே அந்தப் பக்கத்திலிருந்து, "சம்பளம் கூட்டிக் குடுத்தா யோசிப்பீங்களா?" இதற்கு ஒரு பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு அதையே சொல்ல வேண்டும். "இல்ல மேடம், தொகைய வச்சு எடுத்த முடிவு இல்ல. நீங்க இதுக்காக யார்கிட்டயும் கேக்க வேணாம்." இந்தக் கடைசி வரிக்காகவே அந்த ரெக்ரூட்டர் அவளை நினைவில் வைத்திருப்பார் என்று எனக்குத் தோன்றியது. "பாக்கலாம்", "யோசிக்கிறேன்" என்ற சொற்கள் மரியாதையாகத் தெரியும், ஆனால் மறுமுனையில் இன்னொரு இரண்டு நாள் ஓட்டத்தைத் தொடங்கி வைக்கும்.

பத்து நிமிடத்தில் அவள் அனுப்பிய மெயில் ஏறக்குறைய இது:

"வணக்கம். சற்று முன் போனில் சொன்னபடி, தரவு ஆய்வாளர் பணிக்கான உங்கள் ஆஃபரை ஏற்றுக்கொள்ள இயலவில்லை. கணிப்பு மாடல்களை முழு நேரமாக உருவாக்கும் வாய்ப்பு வேறொரு இடத்தில் அமைந்ததால் இந்த முடிவை எடுத்தேன். திங்கள் வரை இருந்த கெடுவைப் புதன் வரை நீட்டித் தந்ததற்கும், இரண்டாம் சுற்றுக்கு முன் குழுவின் வேலையை அரை மணி நேரம் விளக்கிச் சொன்னதற்கும் நன்றி. உங்கள் குழுவில் மாடல் தொடர்பான பணி வரும்போது பேச விரும்புவேன்."

இதில் மூன்று விஷயங்களை நான் திருத்தினேன். முதல் வரைவில் மன்னிப்பு மூன்று முறை வந்திருந்தது, மூன்றையும் எடுத்துவிட்டேன். ஆஃபரை மறுப்பது குற்றமில்லை, அதிகம் மன்னிப்புக் கேட்டால் எதையோ மறைப்பது போல இருக்கும். "எல்லாவற்றுக்கும் நன்றி" என்று இருந்ததை அந்த இரண்டு குறிப்பான விஷயங்களாக மாற்றச் சொன்னேன். கடைசி வரியில் "எதிர்காலத்தில் வாய்ப்பு இருந்தால்" என்று எழுதியிருந்தாள். எல்லாரும் எழுதும் வரி அது, நாங்கள் யாரும் அதைப் படிப்பதில்லை. எந்த வேலை என்றால் பேசலாம் என்று சொன்னால்தான் என் மென்பொருளில் அவள் பெயருக்குக் கீழே குறித்து வைக்க ஏதாவது இருக்கும்.

நடுவில் கன்சல்டன்சி இருந்தால்

மேலே சொன்னது நிறுவனத்தின் சொந்த ரெக்ரூட்டருக்கு. வெளி ஏஜென்சி வழியாக வந்த ஆஃபர் என்றால் கணக்கு கொஞ்சம் வேறு. அவருக்குப் பெரும்பாலும் நீங்கள் சேர்ந்தால்தான் பணம். இடத்தையும் துறையையும் பொறுத்து உங்கள் ஒரு வருடச் சம்பளத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்கு வரைகூட இருக்கும். மூன்று மாதம்போல ஒரு காலத்துக்குள் நீங்கள் விலகிவிட்டால் அதைத் திருப்ப வேண்டும் அல்லது மாற்று ஆள் தர வேண்டும் என்றும் ஒப்பந்தம் இருக்கும். ஆறு வார உழைப்புக்கு ஒன்றும் கிடைக்காமல் போகிறது என்று அவர் கொஞ்சம் அழுத்துவார், சில சமயம் கோபப்படுவார். அதைத் தனிப்பட்ட விதமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அவரைத் தாண்டி நிறுவனத்துக்கு நேராகச் சொல்வதா, அவரிடம் சொல்வதா என்றால் அவரிடம்தான், முதலில். அவர் தன் வாடிக்கையாளருக்குத் தானே சொல்ல வேண்டும், அது அவருடைய பிழைப்பு. ஆனால் அவர் சொன்ன விதம் என்னவாக இருக்கும் என்பது உங்கள் கையில் இல்லை என்பதால், மறுநாள் மேனேஜருக்கு இரண்டு வரி நன்றி மெயில் தனியாக அனுப்புவது நல்லது. ஏஜென்சி ரெக்ரூட்டரின் நல்லெண்ணத்துக்கு ஒரு சாதகமும் உண்டு. அவர் இருபது நிறுவனங்களுக்கு ஆள் தேடுபவர், நீங்கள் மறுத்தது அதில் ஒன்றைத்தான். இன்னொரு இடம் திறந்தால் முதலில் உங்களைக் கூப்பிடுவதில் அவருக்கே லாபம்.

இரண்டு வகை ரெக்ரூட்டருக்கும் மறுத்த கையோடு உண்மையில் உதவுவது, அந்த வேலைக்குப் பொருத்தமான ஒருவரின் பெயர். ஆனால் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் தர வேண்டும். பொருத்தமில்லாத ஆளை மரியாதைக்காகச் சொல்வதைவிடச் சும்மா இருக்கலாம். தோழியின் தங்கைக்கு அப்படி யாரும் தோன்றவில்லை, அவளும் யாரையும் சொல்லவில்லை.

அந்த இரண்டாமவர் வியாழக்கிழமை ஒப்புக்கொண்டாராம். இவள் புது இடத்தில் சேர்ந்த வாரம் ரெக்ரூட்டருக்கு ஒரு வரி அனுப்பி நிறுவனத்தின் பெயரைச் சொன்னாள், சொன்னபடி. எட்டு மாதம் கழித்து அந்த அம்மாவிடமிருந்து ஒரு செய்தி. மாடல் வேலைக்கென்று தனிக் குழு தொடங்குகிறார்களாம், பேச விருப்பமா என்று கேட்டிருந்தார். புது இடத்தில் ஒரு வருடம்கூட ஆகவில்லை, நகர அவளுக்கு மனமில்லை. எனக்கு அந்தச் செய்தியைக் காட்டிவிட்டு, "இதுக்கும் வேணாம்னுதான் சொல்லப் போறேன்க்கா, இந்தத் தடவை ஒரு பேர் இருக்கு சொல்ல" என்றபடி போனை எடுத்துக்கொண்டு வெளியே போனாள்.